பிரசவ விடுதிக்கு உடுத்திச் செல்லும் உடை

சொந்த ஊரில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால், அவளருகே தாயும் அத்தையும் சித்தியும் பாட்டியும் இருப்பார்கள். ஏனையோர் குழந்தை வீட்டிற்கு வந்த பின்னர், பெயர் சூட்டும் நாளில் சென்று பார்ப்பதே வழக்கம். தில்லியிலும் நாகபுரியிலும் கான்பூரிலும் குடியேறி வாழும் நமக்கு அந்த வசதி இல்லை. இங்கே அடுத்த வீட்டுக்காரரும் அலுவலகத் தோழியரும்தாம் உறவினர். ஆகவே குழந்தை பிறந்த இரண்டாம் நாளே மருத்துவமனைக் கட்டிலருகே சென்று நிற்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. அந்த உரிமையோடு ஒரு பொறுப்பும் வருகிறது. எதை உடுத்திக்கொண்டு போவது என்பது அப்பொறுப்பின் ஒரு பகுதி. வட இந்தியக் குளிர்காலத்தில் அது மிக முக்கியமான பகுதி என்பதை நாம் பட்டறிந்தே தெரிந்துகொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதத்தில், எம்முடன் பணிபுரியும் பஞ்சாபித் தோழி ஒருவரின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தில்லியின் குளிர் எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்த நேரம். மங்கல நிகழ்ச்சி அல்லவா என்று கருதி, சரிகைக் கரையிட்ட அரக்குநிறப் பட்டுப்புடவையை உடுத்தினோம். அதன்மேல் மணிக்கட்டு வரை இறுக்கிப் பிடிக்கும் முழுக்கை ஸ்வெட்டரை அணிந்தோம். எம் பிள்ளைகள் குழந்தைகளாக இருந்தபோது போர்த்திய சிறு கம்பளி ஒன்று டிரங்குப் பெட்டியில் புதிதுபோலவே இருந்தது. அதையும் பரிசாக எடுத்துக்கொண்டோம். ஸ்வெட்டரும் அதே பெட்டியில் கிடந்ததுதான்.

வார்டின் வாயிலில் இருந்த செவிலியர் கேரளத்தைச் சேர்ந்தவர். எம் முகத்தைப் பார்க்குமுன்பே மூக்கைச் சுளித்தார். “அம்மா, பாச்சை உருண்டை வாசனை வருகிறதே! அந்த ஸ்வெட்டரையும் பொட்டலத்தையும் வெளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்” என்றார். எமக்குச் சற்று மனவருத்தமே உண்டாயிற்று. நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்த பொருளை வாயிலிலேயே தடுத்துவிட்டாரே என்று நினைத்தோம். பின்னர் உள்ளே சென்று, அக்குழந்தை நீல ஒளியின் கீழே கண்கள் மூடிக் கட்டப்பட்டுக் கிடப்பதைக் கண்டபோதுதான் அவர் தடுத்ததன் காரணம் விளங்கத் தொடங்கியது. குழந்தைக்கு மஞ்சள் காமாலை. அதன் தாய்மாமனுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு குறை உண்டு என்பதை மருத்துவர்கள் கேட்டறிந்திருந்தார்கள்.

அந்தக் குறையைப் பற்றி முதலில் கூறிவிடுவோம். நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் சில இரசாயனப் பொருள்களின் தாக்குதலைத் தாங்கிக்கொள்ளுவதற்கு ஒரு நொதி துணைபுரிகிறது. அதைச் சுருக்கமாக ஜி-6-பி-டி என்பார்கள். சிலருக்கு இந்நொதி பிறவியிலேயே குறைவு. இது 1956ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. தாய்வழியாக வரும் குறையாதலால் ஆண் குழந்தைகளிடமே பெரிதும் வெளிப்படும். இக்குறை உடையவர்கள் சாதாரண நாள்களில் நலமாகவே இருப்பார்கள். ஆனால் சில மருந்துகளோ சில பொருள்களோ உடலிற் சேர்ந்தால், சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடைந்துவிடும். உடைந்த அணுக்களிலிருந்து மஞ்சள் நிறமி வெளிப்படுகிறது. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அதை விரைவில் அகற்றும் ஆற்றல் இன்னும் வரவில்லை. நிறமி அளவு மீறிப் பெருகினால் அது மூளையையே தாக்கக்கூடும்.

அவ்வாறு சிவப்பணுக்களை உடைக்கும் பொருள்களுள் ஒன்றுதான் நாஃப்தலீன். அதுவே நாம் துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டை. அந்துருண்டை என்றும் சொல்வதுண்டு. தில்லிக் கடைகளிலே ‘பினாயில் கோலி’ என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கற்பூரத்தைப் போலவே இதுவும் நீராகாமல் நேரே ஆவியாகிறது. அந்த ஆவி கம்பளியின் ஒவ்வோர் இழையிலும் போய்த் தங்கிவிடுகிறது. கம்பளியைக் குழந்தையின்மேல் போர்த்தினால் உடற்சூட்டினால் ஆவி மீண்டும் வெளிப்பட்டு மூச்சுவழியே உட்செல்கிறது. தோல்வழியாகவும் உட்செல்லும். குழந்தைக்கு எண்ணெய் தடவியிருந்தால் தோல் அதை இன்னும் எளிதில் ஏற்றுக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தடவாத வீடு நம் நாட்டில் அரிது என்பதை எண்ணிப் பாருங்கள். இவ்வாறு நாஃப்தலீன் ஆவியைச் சுவாசித்ததனால் குழந்தைகளின் இரத்த அணுக்கள் சிதைந்ததைக் கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 1963ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள்.

பிறந்த குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் ஓரளவு மஞ்சள் காண்பது இயல்பே; பெரும்பாலும் அது தானாகவே தணிந்துவிடும். உருண்டை வாசனை வீசும் எல்லாத் துணியும் எல்லாக் குழந்தைக்கும் தீங்கு செய்யும் என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் வயதுடைய குழந்தைக்கு அந்த நொதி உண்டா இல்லையா என்பது பார்க்கச் செல்லும் நமக்கு எவ்வாறு தெரியும்? பெற்றவர்களுக்கே தெரிந்திராது. ஆதலின் எல்லாக் குழந்தைகளிடத்தும் ஒரே விதியைக் கைக்கொள்வதுதான் முறை. எம் கம்பளியால் அக்குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. நேராமற் காத்தது அச்செவிலியரின் மூக்கு.

ஆகவே குளிர்காலத்தில் மருத்துவமனைக்கு உடுக்கும் உடையை ஆராயும்போது முதற்கேள்வி அழகைப் பற்றியதன்று. அது எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதே. நாஃப்தலீன் நீரிலே கரைவதில்லை. எனவே ஒருமுறை துவைத்துவிட்டால் போதும் என்று எண்ணுதல் தவறு. அதை நீக்குவது காற்றும் வெயிலும். ஆடையை உதறி, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, கொடியில் மூன்று நான்கு நாள் பகற்பொழுதில் காயவிட வேண்டும். பிறகு சோப்பினால் துவைத்து மீண்டும் உலர்த்த வேண்டும். அதன் பின்னர் முகர்ந்து பார்க்க வேண்டும். முகர்ந்து பார்ப்பவர் அந்தப் பெட்டியைத் திறந்தவராக இருத்தல் கூடாது. ஏனெனில் ஒரு மணத்தில் சிறிதுநேரம் இருந்தவருடைய மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் பிள்ளையையோ அயல்வீட்டாரையோ முகரச் சொல்லுங்கள். அவர்களுக்கு வாசனை தெரியுமானால் அந்த ஆடை அன்றைக்கு உதவாது. குழந்தைக்கென்று கம்பளிப் பரிசு கொடுப்பதாயின் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். புதியதாக வாங்கித் துவைத்துக் கொடுப்பதே நலம்.

அடுத்து, கையைப் பற்றிக் கூறுவோம். குழந்தையைத் தொடுமுன் கைகழுவ வேண்டும் என்பதை யாவரும் அறிவர். எதுவரை கழுவுவது என்பதைத்தான் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குழந்தையை ஏந்தும்போது அதன் தலை நம் உள்ளங்கையிலா தங்குகிறது? முழங்கை மடிப்பிலும் முன்கையிலும் அல்லவா தங்குகிறது? ஆகவே முழங்கை வரை கழுவ வேண்டும். கழுவிய இடத்தை மீண்டும் துணி மூடிவிடலாகாது. இங்கிலாந்து நாட்டில் மருத்துவமனைப் பணியாளர்கள் முழங்கைக்குக் கீழே துணியோ கடிகாரமோ அணியலாகாது என்று 2007ஆம் ஆண்டில் அறிவித்ததற்கும் இதுவே காரணம். பேருந்துக் கம்பியிலும் ஆட்டோ இருக்கையிலும் உரசிவந்த கைமுனை, கழுவிய கையின்மீது மீண்டும் இறங்குமானால் கழுவியதன் பயன் என்ன?

இங்கேதான் ரவிக்கையின் கை முக்கியமாகிறது. நம்மில் பலர் குளிரை எண்ணி முக்கால் கை ரவிக்கை தைத்துக்கொள்கிறோம். அதன் வாய் முன்கையை ஒட்டியே இருக்கும். அதை மேலே தள்ளினால் முழங்கைக்குக் கீழே வந்து நின்றுவிடும். வலிந்து தள்ளினாலோ முழங்கை மடிப்பில் சுருண்டு கயிறுபோல் இறுகும். குழந்தையின் கழுத்து தங்கும் இடமும் அதுவே. எனவே இதற்கேற்ற கை என்பது, முழங்கைக்கு மூன்று விரற்கடை மேலே முடிகிற கை. அதன் வாய் தளர்வாக இருக்க வேண்டும். மேற்கையின் சுற்றளவு 11 அங்குலமாயின் கைவாய் 13 அங்குலம் இருக்கும்படி தையற்காரரிடம் சொல்லலாம். முக்கால் கைதான் வேண்டும் என்பவர்கள், முழங்கையை மடித்து அதன்மேல் அளவு எடுக்கச் செய்து, அந்த அளவுக்கு ஓர் அங்குலம் கூட்டித் தைத்துக்கொண்டால், கையை இருமுறை மடித்து மேலே ஏற்ற முடியும்.

தைத்த ரவிக்கை பொருந்துமா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு தலையணையைக் குழந்தைபோல் இரு கைகளாலும் ஏந்தி மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். அப்போது முதுகுப்புறம் இழுத்துப் பிடித்தாலோ, அக்குளில் தையல் அழுத்தினாலோ, அந்த ரவிக்கையோடு குழந்தையை வாங்க வேண்டாம். உடை இழுக்கிறபோது நாம் அறியாமலே முழங்கையைத் தாழ்த்துகிறோம். முழங்கை தாழ்ந்தால் குழந்தையின் தலையும் தாழும். கழுத்து நில்லாத பருவத்தில் அது ஆகாது.

கையில் அணியும் பொருள்களையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். கண்ணாடி வளையல்களும் கல் பதித்த மோதிரமும் கடிகாரமும் சோப்பு நுரையைத் தடுத்துத் தமக்கடியில் அழுக்கைக் காக்கின்றன. வளையலைக் கழற்றலாகாது என்று கருதும் சுமங்கலிகள் ஒரே ஒரு வழவழப்பான பொன்வளையலோடு நிறுத்திக்கொண்டு, அதை மேலும் கீழும் நகர்த்தி அடியிலும் கழுவலாம்.

இனி, நிறத்தைப் பற்றி. மெல்லிய நிறங்கள் குழந்தையின் கண்ணுக்கு இதமானவை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. பிறந்த குழந்தையின் பார்வை ஏறக்குறைய 20 முதல் 30 செண்டிமீட்டர் தொலைவில்தான் ஓரளவு தெளிகிறது. முதற்சில வாரங்களில் அது நிறங்களை நன்கு பிரித்தறிவதில்லை. கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டையே எளிதாகக் காண்கிறது. மென்னிறம் வேண்டும் என்பதற்குக் காரணங்கள் வேறு.

முதற்காரணம் சாயம். அரக்கு, கருநீலம், கரும்பச்சை முதலிய அடர்ந்த நிறங்களில் சாயம் மிகுதி. துணி புதிதாயின் இழையிற் பற்றாத சாயம் மேலேயே தங்கியிருக்கும். குழந்தை நம் தோளிற் சாய்ந்து பால் கக்கும், எச்சில் ஒழுகும். ஈரம் பட்ட இடத்தில் சாயம் இளகி அதன் கன்னத்திலும் வாயிலும் ஒட்டும். இதையும் சோதித்து அறியலாம். வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு மூலையை நனைத்துப் புடவையின் உட்புறத்தில் பத்துமுறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தப் புடவை வேண்டாம். வெளிர்நிறத் துணியில் சாயம் குறைவு. கறை பட்டாலும் உடனே தெரியும். வெந்நீரில் துவைக்கவும் அஞ்சவேண்டியதில்லை.

இரண்டாம் காரணம் நம்மவர் பலர் எண்ணாதது. மங்கலம் என்று கருதி நாம் மஞ்சள் நிறத்தை விரும்பி உடுத்துகிறோம். ஆனால் குழந்தையின் தோலில் மஞ்சள் படர்கிறதா என்று தாயும் செவிலியரும் உற்றுநோக்கும் நாள்கள் இவை. அருகே மஞ்சள் துணி இருந்தால் அதன் சாயை தோலின்மீது வீசிக் கண்ணை ஏமாற்றும். ஆதலால் மஞ்சளையும் அதனோடு உறவுடைய சந்தன நிறத்தையும் இந்த ஒரு நாளைக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. முழுவெள்ளையும் வேண்டாம். வெண்புடவை துக்கத்தின் அடையாளம் என்று எண்ணும் முதியோர் நம்மிடையேயும் உண்டு, வட இந்தியக் குடும்பங்களிலும் உண்டு. பெற்றவளின் பாட்டி மனம் நோக வேண்டுமா? வெளிர்நீலம், இளம்பச்சை, ரோஜாவின் இளநிறம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால் எவருக்கும் குறையில்லை.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. நாலைந்து முறை துவைத்து இளகிய பருத்திப் புடவைதான் சிறந்தது. அன்றைக்குக் கஞ்சி போடலாகாது. கஞ்சியால் விறைத்த முந்தானை மென்மையான தோலைக் கீறும். சரிகையும் அவ்வாறே. முந்தானையைத் தோளில் ஊக்கினால் குத்துவது பலரது வழக்கம். குழந்தையின் முகம் சாயும் இடம் அதுவாதலால், ஊக்கு வேண்டாம். முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் இறுகச் செருகிவிட்டால் அது குழந்தையின் முகத்தின்மீதும் விழாது. சல்வார் அணிபவர்கள் துப்பட்டாவை வெளியே வைத்துவிடலாம். முகப்பவுடரும் அத்தரும் அன்று வேண்டாம்.

இவ்வளவையும் குளிரோடு பொருத்துவது எவ்வாறு? சென்ற ஜனவரியில் நாம் செய்ததைச் சொன்னால் விளங்கும். ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அடுத்த தெருவிலுள்ள தமிழ்க்குடும்பத்தின் மருமகளைப் பார்க்கச் செல்வதாக ஏற்பாடு. பிரசவ நாள் நெருங்கியதை அறிந்திருந்தமையால், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே கையில்லாத கம்பளிச் சட்டையொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியிற் போட்டோம். புதன்வரை அது வெயிலிற் கிடந்தது. வியாழனன்று துவைத்தோம். வெள்ளி மாலை பள்ளியிலிருந்து வந்த பிள்ளையிடம் கொடுத்து முகரச் சொன்னோம். “சோப்பு வாசனைதான் அம்மா” என்றான்.

சனிக்கிழமை, மெல்லிய பருத்தி உட்சட்டையின்மேல் தளர்ந்த கையுடைய ரவிக்கை. அதன்மேல் அந்தக் கையில்லாச் சட்டை. அதன்மேல் வெளிர்நீலக் கைத்தறிப் புடவை. முந்தானை கம்பளிச் சட்டையை முழுதும் மூடும்படி கொண்டுவந்து செருகினோம். ஆகவே குழந்தையின்மீது படுவது பருத்தியே. கம்பளியின் உதிர்மயிர் அதன் மூக்கருகே செல்ல வழியில்லை. சாலைக் குளிருக்கு மேலே ஒரு சால்வை. முழுக்கைக் கோட்டு அணிய விரும்புவோர் முன்புறம் பித்தான் உள்ளதாக அணியலாம். தலைவழியே கழற்றும் ஸ்வெட்டர் புடவையையும் தலைமயிரையும் கலைத்துவிடும்.

வார்டுக்கு வெளியே சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தோம். மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து பணப்பையில் இட்டோம். குழாயடியில் விரலிடுக்கிலிருந்து முழங்கை வரை சோப்பிட்டு, மெதுவாக அறுபது எண்ணும்வரை தேய்த்துக் கழுவினோம். காகிதத்தால் துடைத்தோம், முந்தானையில் துடைக்கும் பழைய பழக்கம் தலைகாட்டியதை அடக்கிக்கொண்டோம். பைக்குள் மடித்து வைத்திருந்த துவைத்த வெள்ளைத் துணியொன்றை மாமியாரிடம் தந்தோம். அவரே அதை எம் தோளில் விரித்துப் போட்டார். பிறகுதான் குழந்தையைக் கேட்டோம். இல்லை, நாம் கேட்கவில்லை, அவரே கொடுத்தார். தாயின் சம்மதமின்றிக் குழந்தையை வாங்குவதற்கு எந்த உடையும் உரிமை தருவதில்லை. அவ்வாறே, இருமலோ சளியோ காய்ச்சலோ உடையவருக்கு ஏற்ற உடை என்று ஒன்று கிடையாது. அவர் வீட்டிலிருந்தே தொலைபேசியில் வாழ்த்துக் கூற வேண்டியதுதான்.

முன்கை இரண்டும் சற்றுக் குளிரத்தான் செய்தன. ஐந்து நிமிட நேரம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். குழந்தை ஒருமுறை கொட்டாவி விட்டு எம் முழங்கை மடிப்பில் தலையைச் சாய்த்து உறங்கிற்று. விடைபெறும்போது மாமியார், “கொண்டுபோவதற்குக் கம்பளி எடுத்து வைத்திருக்கிறேன், பாருங்கள்” என்று ஒரு பையைத் திறந்தார். திறந்தவுடனேயே அந்தப் பழைய வாசனை வந்தது. முன்னொருநாள் ஒரு செவிலியர் எம்மிடம் சொன்னதை நாம் அவரிடம் சொன்னோம். அவர் முகம் ஒரு கணம் வாடிற்று. பின்னர்ப் பையின் வாயை இறுகக் கட்டி எம் கையிலேயே கொடுத்து, “போகிற வழியில் எங்கள் வீட்டு மாடியில் காயப்போட்டுவிடுங்கள்; புதிதாக ஒன்று வாங்கிவரச் சொல்லுகிறேன்” என்றார்.